எத்தனை கவுண்ட் எடுக்கணும்? சேலத்து ஜிம்மில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலத்துக்கு 5, சைஸுக்கு 10, ஸ்டாமினாவுக்கு 20 என்று சுவரில் சார்ட் ஒட்டியிருக்கிறது. அப்படியே எடுக்கலாமா அண்ணா?

ஓய்வெடுக்காமல் தொடர்ந்து எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதுதான் கவுண்ட், அப்படி ஒரு சுற்று முடிந்தால் ஒரு செட். பலத்துக்குப் போட்டிருப்பது சரி. ஸ்டாமினாவுக்குப் போட்டிருப்பது பாதி சரி. சைஸுக்கு 10 என்பதுதான் ஆட்களைக் குழப்புகிறது, ஏனென்றால் பத்தில்தான் சதை வளரும், ஐந்திலும் இருபதிலும் வளராது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முழங்கால் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குக் கனமான எடை கொடுத்துத் தேற்றினார். 1945ல் அதை எழுதியபோது பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட் வரை எடுக்கச் சொன்னார். 1948ல் வாட்கின்ஸ் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து, அவ்வளவு வேண்டாம், மூன்று செட் போதும் என்று குறைத்தார். இன்றைக்கு அஸ்தம்பட்டியில் நான் மாலை நேரம் பார்த்துக்கொள்ளும் ஜிம் வரைக்கும் "மூணு செட், பத்து கவுண்ட்" என்று வந்து நிற்பது அதுதான். மோசமான எண் இல்லை. ஆனால் கல்வெட்டும் இல்லை.

2015ல் உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் ஏற்கெனவே பயிற்சி உள்ள ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 8 முதல் 12 கவுண்ட் வரும் எடையிலும், மறு பாதியை 25 முதல் 35 கவுண்ட் வரும் எடையிலும் எட்டு வாரம் பழக்கினார்கள். இருவருமே இனி ஒன்றுகூட முடியாது என்கிற வரை எடுத்தார்கள். சதை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வளர்ந்தது. ஸ்குவாட்டில் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடை மட்டும் கனமாக எடுத்தவர்களுக்கு நன்றாகக் கூடியது. லேசான எடையை நிறைய முறை தள்ளும் திறன் மற்றவர்களுக்குக் கூடியது. எதைப் பழகினாயோ அது வந்தது, சதை மட்டும் இரண்டு பேருக்கும் வந்தது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது: பலம் வேண்டுமா, 3 முதல் 6. ஒரு குறிப்பிட்ட எடையை நிறைய முறை தூக்கும் தாக்குப்பிடிப்பு வேண்டுமா, 15க்கு மேல். சதைக்கு ஐந்திலிருந்து முப்பது வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அங்கே எண்ணைத் தீர்மானிப்பது உங்கள் இலக்கு இல்லை, கையில் இருக்கும் பயிற்சி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

(சேலத்தில் செட் என்றால் முதலில் தட்டுவடை செட்தான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது அதுவல்ல. அதற்கும் எத்தனை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.)

எப்படி எடுத்தாலும் சதை வளரும் என்றால் நான் லேசான டம்பிள்ஸிலேயே 25 எடுத்துவிட்டுப் போகிறேனே?

போகலாம், ஆனால் 25ல் நிறுத்தக்கூடாது, 25ல் நின்றுபோக வேண்டும். இரண்டும் வேறு.

லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், சின்ன லோடு வந்தால் இரண்டு பேர் மட்டும் எழுந்து போவார்கள், மற்றவர்கள் டீயைக் கீழே வைக்கக்கூட மாட்டார்கள். அந்த இரண்டு பேர் களைத்துப் போனால்தான் மூன்றாவது ஆள் எழுவான். பெரிய லோடு வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தசைக்குள்ளும் இதே கதை. லேசான எடைக்கு முதலில் சின்ன இழைகள்தான் வேலைக்கு வரும். அவை சோர்ந்த பிறகுதான் பெரிய, நன்றாகத் தடிக்கக்கூடிய இழைகளை நரம்பு எழுப்பும். கனமான எடைக்கு முதல் கவுண்டிலேயே பெரும்பாலும் எல்லோரும் ஆஜர்.

அதனால் 25 எடுக்கும் செட்டில் கடைசி ஐந்தாறு கவுண்ட்தான் சதைக்கு உண்மையான வேலை, முந்தைய இருபது அதற்கான நுழைவுக் கட்டணம். 25 எடுத்துவிட்டு இன்னும் பத்து எடுக்க முடிகிற நிலையில் கீழே வைத்தால், கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்த மாதிரி. லேசான எடையில் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். எரிச்சல் வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எரிச்சல் வேறு, தசை நிற்பது வேறு.

ஒரு கீழ் எல்லையும் உண்டு. ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் ஐந்தில் ஒரு பங்கு போன்ற மிக லேசான எடை என்றால், முடியாத வரை எடுத்தாலும் வளர்ச்சி குறைவாகத்தான் இருக்கும். முப்பதுக்கு மேல் எண்ண வேண்டியிருந்தால் எடையைக் கூட்டுங்கள்.

எந்தப் பயிற்சியைக் கனமாக எடுப்பது, எதை லேசாக எடுப்பது? லிஸ்ட் போட்டுக் கொடுங்கள்.

லிஸ்ட் கொடுத்தால் அடுத்த மாதம் புது மெஷின் வந்ததும் திரும்பக் கேட்பீர்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி தருகிறேன். எந்தப் பயிற்சியிலும் செட் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: என்னை நிறுத்தியது எது? நீங்கள் வளர்க்க நினைத்த தசை நின்றதால் நிறுத்தினீர்கள் என்றால் கவுண்ட் சரி. அதற்கு முன் மூச்சோ, இடுப்போ, பிடியோ, மூட்டோ உங்களை நிறுத்தியிருந்தால் கவுண்ட் தப்பு.

ஸ்குவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கவுண்ட் ஸ்குவாட் எடுத்தால் பதினெட்டிலேயே நாக்கு வெளியே வந்துவிடும், தொடையில் இன்னும் தெம்பு பாக்கி இருக்கும். உடம்பில் பாதித் தசை ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்கிறது, நுரையீரலும் இதயமும் எவ்வளவுதான் கொடுக்கும். ஆக அங்கே நின்றது மூச்சு. அதனால் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ் மாதிரி பல மூட்டுகள் சேர்ந்து வேலை செய்கிற, பாரை வைத்து எடுக்கிற பயிற்சிகள் கனத்துக்குப் பொருத்தமானவை. பலம் வேண்டுமானால் 3 முதல் 6, சதை வேண்டுமானால் 5 முதல் 10. இவற்றில் எடையைப் பல மூட்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, பாரில் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றவும் முடியும்.

இப்போது லேட்டரல் ரெய்ஸ். கை நீட்டிப் பக்கவாட்டில் டம்பிள்ஸைத் தூக்குகிறோம், நெம்புகோல் மாதிரி எடை தோளிலிருந்து தூரத்தில் இருக்கிறது. இதில் 5 கவுண்ட் மட்டுமே வரும் எடையை எடுத்துப் பாருங்கள், ஒருவரும் நேராகத் தூக்க மாட்டார்கள். இடுப்பை ஆட்டி, கழுத்தைச் சுருக்கி, ஒரு குதி குதித்துத் தூக்குவார்கள். தோளின் பக்கச் சதைக்குப் போக வேண்டிய வேலை எல்லோருக்கும் பிரிந்து போய்விடும். இதை 12 முதல் 20 வரை வைத்தால்தான் அந்தச் சதையே நிற்கும். பைசெப்ஸ் கர்ல், கயிற்றைப் பிடித்துக் கீழே தள்ளும் டிரைசெப்ஸ், லெக் எக்ஸ்டென்ஷன், குதிகால் உயர்த்தும் காஃப் ரெய்ஸ், எல்லாம் இந்தக் குடும்பம்தான், 10 முதல் 20. ஒரே மூட்டு மட்டும் வேலை செய்யும் இடத்தில் கனத்தை ஏற்றினால் சதைக்கு முன் அந்த மூட்டு பேச ஆரம்பிக்கும். படுத்துக்கொண்டு நெற்றிக்கு மேல் பாரை இறக்கும் டிரைசெப்ஸ் பயிற்சியில் 6 கவுண்ட் எடுத்து முழங்கை வலியோடு வருகிறவர்களை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். எடையைக் குறைத்து 15க்குக் கொண்டு போனதும் பலருக்கு வலி இறங்கிவிடுகிறது.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. லெக் பிரஸ், லாட் புல்டவுன், ரோயிங், டம்பிள்ஸ் பெஞ்ச், தொடையின் பின்பக்கத்துக்கான ரோமேனியன் டெட்லிஃப்ட். இவை 6 முதல் 15 வரை எங்கேயும் ஒத்துழைக்கும். குனிந்து எடுக்கும் பார் ரோயிங்கில் மட்டும் கவனம், பன்னிரண்டுக்கு மேல் போனால் முதுகுச் சிறகுக்கு முன் கீழ் இடுப்பு நின்றுவிடும். அதே ரோயிங்கை நெஞ்சைச் சாய்த்துக்கொள்ளும் மெஷினில் எடுத்தால் 15 வரை தாராளமாகப் போகலாம், ஏனென்றால் இடுப்புக்கு அங்கே வேலை இல்லை. பார்த்தீர்களா, இழுக்கும் அசைவு ஒன்றுதான், தாங்கும் இடம் மாறியதும் கவுண்டும் மாறிவிட்டது. அதனால்தான் லிஸ்ட் வேண்டாம் என்றேன்.

டெட்லிஃப்ட்டில் 20 எடுக்கலாமா? யூடியூபில் எடுக்கிறார்களே.

நானும் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயத்துக்கு 80 கிலோவில் 20. பதினான்காவதில் மூச்சு போனது, பதினைந்தாவதிலிருந்து முதுகு வளைவது எனக்கே தெரிந்தது, ஆனாலும் பந்தயம் ஆயிற்றே. அன்றைக்கு மத்தியானம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஏற்காடு பஸ்ஸில் போனேன். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கவுண்டுக்கான தண்டனையை அனுபவித்தேன்.

டெட்லிஃப்ட்டில் நிற்பவை வரிசையாக மூச்சு, பிடி, கீழ் முதுகு. தொடையும் பிட்டமும் கடைசியில்தான். முதுகெலும்பை நேராகப் பிடித்திருக்கும் தசைகள் அசையாமல் இறுகி நிற்க வேண்டியவை, ஒரு நிமிடத்துக்கு மேல் அவற்றை அப்படி வேலை வாங்கும்போது சோர்ந்து தளர்கின்றன, எடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட் 3 முதல் 6 வரை, ஒவ்வொரு தடவையும் தரையில் வைத்து, மூச்சை நிரப்பி, அடுத்தது. பின் தொடைக்கு நிறைய கவுண்ட் வேண்டுமென்றால் லெக் கர்ல் மெஷினில் எடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

பெஞ்ச் பிரஸ் 50 கிலோ, 8 கவுண்ட். மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறேன். எனக்குச் சதையும் வேண்டும், பலமும் வேண்டும். என்ன செய்வது?

இதே நிலையில் போன வருஷம் ஒரு தம்பி வந்தான். 24 வயது, 66 கிலோ, சூரமங்கலம் பக்கம் பைக் ஷோரூமில் வேலை. அவன் செய்துகொண்டிருந்தது வாரம் இரண்டு நாள், 50 கிலோ, மூன்று செட், ஒவ்வொன்றிலும் உயிரைக் கொடுத்து 8, 7, 6. அடுத்த வாரமும் 8, 7, 6. அவனுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் அவனுடைய உச்ச எடையைக் கணக்கில் பிடித்தோம். நேரடியாக உச்ச எடையை ஏற்றிப் பார்க்கத் தேவையில்லை, எப்லி என்பவர் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு:

```
1RM = w × (1 + r/30)
```

1RM என்பது ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடை, w என்பது இப்போது எடுக்கும் எடை, r என்பது முடிந்த வரை எடுத்த கவுண்ட். 50 கிலோவில் 8 என்றால் 50ஐ 1.267ஆல் பெருக்க, சுமார் 63 கிலோ. இந்தச் சூத்திரம் பத்து கவுண்ட் வரைக்கும் ஓரளவு நம்பலாம், இருபதில் போட்டால் கதை விடும்.

63 கிலோ உச்சம் என்றால் முடிந்த வரை ஐந்து எடுக்கும் எடை 54 கிலோ சுற்றி. அதனால் வாரத்தின் முதல் பெஞ்ச் நாளைக் கனமான நாள் ஆக்கினோம்: 50 கிலோவில் 5 கவுண்ட், 4 செட், நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. "இது சுலபமா இருக்கேண்ணா" என்றான். சுலபமாகத்தான் இருக்க வேண்டும், 8 எடுக்கக்கூடியவன் 5ல் நிறுத்துகிறான், மூன்று கையிருப்பில் இருக்கிறது. நாலு செட்டிலும் ஐந்து ஐந்து வந்தால் அடுத்த வாரம் இரண்டரைக் கிலோ. இரண்டாவது நாளை லேசான நாள் ஆக்கினோம்: 40 கிலோவில் 10 முதல் 12, மூன்று செட், இரண்டு நிமிட ஓய்வு, ஒன்றிரண்டு கையிருப்பு. கூடவே நெஞ்சுக்கு மெஷின் ஃப்ளை 12 முதல் 15, இரண்டு செட், கடைசி செட்டை மட்டும் முடியும் வரை.

50, 52.5, 55 வரை தடையில்லாமல் போனது. 57.5ல் முதல் வாரம் 5, 5, 4, 4 வந்தது. அங்கே எடையைக் கூட்டவில்லை, அதே எடையிலேயே இருந்து நாலு செட்டும் ஐந்தான பிறகுதான் 60. அதற்கு மூன்று வாரம் பிடித்தது. நடுவில் ஒரு வாரம் ஊர்த் திருவிழா என்று வரவில்லை, திரும்பி வந்து 55ல் ஆரம்பித்தான். பதினோராவது வாரக் கடைசியில் 60ல் ஐந்து வந்தது. அப்புறம் பழைய 50ஐ ஏற்றி முடிந்த வரை எடுக்கச் சொன்னேன், 12 வந்தது. மூன்று மாதமாக எட்டைத் தாண்டாத எடை. எட்டைப் பத்தாக்க எட்டையே முட்டிக்கொண்டிருந்தான், உச்சத்தை ஏற்றியதும் 50 அவனுக்குச் சின்ன எடையாகிவிட்டது.

இதில் நெஞ்சுச் சதை எவ்வளவு வளர்ந்தது என்று டேப் வைத்து அளக்கவில்லை, சட்டை இறுகியது என்று அவன் சொன்னதுதான் சாட்சி. இன்னொன்று, பெஞ்சில் கனமாக எடுக்கும் நாளில் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஒன்று கையிருப்போடு நிறுத்துங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் 3 கவுண்டிலேயே எடுத்தால் பலமும் சதையும் சேர்ந்தே வந்துவிடாதா?

வரும், நேரம் இருந்தால். அதே ஷோன்ஃபெல்ட் 2014ல் இதையும் பார்த்தார். ஒரு கூட்டம் மும்மூன்றாக ஏழு செட், இன்னொரு கூட்டம் பத்துப் பத்தாக மூன்று செட், மொத்தம் தூக்கிய எடை சமம். சதை வளர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுதான், பலம் கனமானவர்களுக்கு அதிகம். ஆனால் கனமாக எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, மற்றவர்கள் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். முடிவில் மூட்டு வலி, சோர்வு என்று சொன்னவர்களும் கனமான பக்கம்தான். வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு ஜிம்முக்கு வருகிற நமக்கு எது சரிப்படும் என்று நீங்களே பாருங்கள். கனத்தை ஒன்றிரண்டு பெரிய பயிற்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை முதலில் முடித்துவிட்டு, மிச்சத்தை 8க்கு மேல் எடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

லேட்டரல் ரெய்ஸ் 5 கிலோ எடுக்கிறேன். அடுத்து 7.5தான் இருக்கிறது. எடுத்தால் ஆடுகிறேன்.

ஐந்திலிருந்து ஏழரை என்பது இரண்டரைக் கிலோ மாதிரித் தெரியும், உண்மையில் ஒன்றரை மடங்கு. பெஞ்சில் 50லிருந்து ஒரே தாவலில் 75 போவீர்களா? சின்னப் பயிற்சிகளுக்குக் கவுண்டை அகலமாக வைக்க இதுதான் பெரிய காரணம். யாரும் சார்ட்டில் போடுவதில்லை.

5 கிலோவில் 12 எடுப்பவர் 7.5க்குப் போனால் நாலோ ஐந்தோதான் நேராக வரும். அதே 5 கிலோவில் 15, 18, 20, 25 என்று ஏறிக்கொண்டே போங்கள், எடை கூட்டாமலே வேலை கூடுகிறது. மூன்று செட்டிலும் 25 வந்த பிறகு 7.5ஐ எடுங்கள், பத்துப் பன்னிரண்டு வரும். அங்கிருந்து திரும்ப ஏறுங்கள். பாருக்கும் இதே நியாயம்தான்: உங்கள் ஜிம்மில் 1.25 கிலோ பிளேட் இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து கிலோவாகத்தான் ஏறும், அப்போது ஷோல்டர் பிரஸ்ஸில் 5 கவுண்டைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் 5லிருந்து 8 வரை ஏற்றிவிட்டு எடையைக் கூட்டுங்கள். அல்லது நாலு பேர் சேர்ந்து ஒரு ஜோடி 1.25 வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் இரண்டும் இருக்கிறது. 20 கவுண்டாக எடுத்தால் ஸ்டாமினா வருமா?

தசையின் தாக்குப்பிடிப்பு வேறு, ஓட்டத்தின் தம் வேறு. 20 கவுண்ட் லெக் எக்ஸ்டென்ஷன் எடுத்தால் லெக் எக்ஸ்டென்ஷனை இருபது தடவை செய்யும் திறன் வளரும். 1500 மீட்டருக்கு இதயமும் நுரையீரலும் காலும் சேர்ந்து சில நிமிடங்கள் ஓட வேண்டும், அதை ஓடித்தான் வாங்க வேண்டும். அதனால் ஓட்டத்தை மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் 5 கவுண்ட், 3 செட், கையிருப்போடு. காஃப் ரெய்ஸ் 12 முதல் 15. ஓடிக் களைத்த காலை ஜிம்மில் இன்னும் 20, 30 என்று எரித்தால் மறுநாள் ஓட்டம்தான் கெடும்.

கயிறு இன்னும் தெளிவானது. கயிற்றில் ஒவ்வொரு இழுப்பும் உங்கள் முழு எடை. புல்டவுன் மெஷினில் 30 கிலோவை 25 தடவை இழுப்பவர், 65 கிலோ உடம்பைக் கயிற்றில் இரண்டு இழுப்பு இழுக்க முடியாமல் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். புல் அப்தான் இதற்கு மருந்து. ஒன்றுகூட வராவிட்டால் ஸ்டூலில் ஏறித் தாடை பாருக்கு மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, மெதுவாக ஐந்து வினாடியில் கீழே இறங்குங்கள், 3 முதல் 5 தடவை, நாலு செட். எட்டு வர ஆரம்பித்ததும் இடுப்பில் 2.5 கிலோ கட்டிக்கொண்டு திரும்ப ஐந்துக்கு வாருங்கள். பிடிக்குத் தனியாக, பாரில் துண்டைப் போட்டுத் தொங்குங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. நாள் முழுக்க மேடு ஏறி இறங்குகிறேன், மூட்டையும் தூக்குகிறேன். எனக்கு எதற்கு ஜிம்? வந்தாலும் எத்தனை கவுண்ட்?

நிறைய கவுண்டை நீங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அதற்கு மேல் 20 கவுண்ட் எடுக்க ஜிம்முக்கு வர வேண்டியதில்லை. உங்களுக்கு இல்லாதது கனம். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குகிறவருக்கு உச்சம் 70 கிலோ என்றால் ஒவ்வொரு மூட்டையும் அவர் பலத்தில் எழுபது சதவீதம். உச்சத்தை 100 ஆக்கினால் அதே மூட்டை பாதிதான். டெட்லிஃப்ட் 5 கவுண்ட், மூன்று செட், வாரம் ஒரு நாள், வேலை குறைவான நாளாகப் பார்த்து. அறுவடை நேரத்தில் அதையும் விட்டுவிடுங்கள்.

அடிவாரத்திலிருந்து சைக்கிளில் ஏற்காடு ஏறும் நண்பர்களுக்கும் இதேதான். தாக்குப்பிடிப்பு மலையில் கிடைக்கிறது, ஜிம்மில் பலத்தை வாங்குங்கள்.

பஸ்கி 100, தண்டால் 50 எடுத்தவர் எங்கள் தாத்தா. அது வேஸ்ட்டா?

யார் சொன்னது? தாக்குப்பிடிப்புக்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் நூறு சுலபமாக வர ஆரம்பித்த பிறகு பலத்துக்கோ சதைக்கோ அதிலிருந்து புதிதாக ஒன்றும் பெரிதாக வராது. முதுகில் ஒரு எடையைச் சுமந்து பஸ்கியை இருபதாகக் குறைத்தால் திரும்ப வரும்.

இன்னும் எத்தனை கையிருப்பு என்று எப்படித் தெரியும்? எனக்கு எப்போதும் "இதுதான் கடைசி" என்றே தோன்றுகிறது.

தோன்றுவதை நம்பாதீர்கள், பாரின் வேகத்தைப் பாருங்கள். நீங்கள் முழு வேகத்தில் தள்ளியும் பார் தானாக மெதுவாகிறது என்றால் இரண்டு மூன்றுதான் பாக்கி. நடுவில் ஒரு நொடி நின்று ஏறினால் ஒன்றோ பூஜ்யமோ. வேகம் குறையவே இல்லை, முகம் மட்டும் கோணுகிறது என்றால் நிறைய இருக்கிறது. போனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள், நமக்கு நாமே சொல்லும் பொய் அதில் எடுபடாது.

கனமான செட்டில் ஆட்கள் ஓரளவு சரியாகச் சொல்வார்கள், இருபது கவுண்டில்தான் பயங்கரமாகத் தவறுவார்கள். அதற்கு ஒரு சோதனை. லெக் எக்ஸ்டென்ஷன் மாதிரி விழுந்து நசுங்க வாய்ப்பில்லாத மெஷினில், கடைசி செட்டில், "இன்னும் மூன்றுதான் வரும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கால் அசையாமல் நிற்கும் வரை எடுங்கள். போன வாரம் ஒருவர் மூன்று என்று சொல்லி பதினொன்று எடுத்தார். இந்தச் சோதனையை ஸ்குவாட்டிலோ டெட்லிஃப்ட்டிலோ செய்யாதீர்கள்.

செட்டுக்கு நடுவில் எவ்வளவு ரெஸ்ட்?

5 கவுண்டுக்கு மூன்று நிமிடம், ஸ்குவாட் என்றால் ஐந்து வரை. 8 முதல் 12க்கு இரண்டு நிமிடம். கர்ல், லேட்டரல் ரெய்ஸ் மாதிரி சின்னவற்றுக்கு ஒன்று ஒன்றரை. தாக்குப்பிடிப்பே குறி என்றால் மட்டும் ஒரு நிமிடத்துக்குள். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே எடுக்கிறீர்கள் என்றால் எல்லாவற்றிலும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணா, லேடீஸுக்கு லேசான வெயிட், நிறைய கவுண்ட்தானே? கனமாக எடுத்தால் ஆண்கள் மாதிரி ஆகிவிடாதா?

இல்லை அக்கா. ஆண்களுக்குச் சொன்ன அதே கணக்குதான், ஸ்குவாட் 5, லேட்டரல் ரெய்ஸ் 15. வருஷக்கணக்கில் கனமாக எடுத்து, சாப்பிட்டு, தூங்கியும் சைஸ் வராமல் புலம்புகிற பையன்கள் எங்கள் ஜிம்மில் இருபது பேர் இருக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

எனக்கு 52 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறேன். கனமா, லேசா?

முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சரி என்றால், உங்களுக்கு இரண்டு விஷயம் வேண்டாம்: தம் கட்டி எடுக்கும் மிகக் கனமான ஒன்று, இரண்டு, மூன்று கவுண்ட் செட், முடியாத வரை இழுக்கும் செட், அது லேசான எடையாக இருந்தாலும். தம் கட்டித் தள்ளும்போது ரத்த அழுத்தம் சட்டென்று மேலே போகும். முடியாத வரை போகும் கடைசி கவுண்டுகளில் நம்மையும் அறியாமல் தம் கட்டுகிறோம், அதனால் லேசான எடை என்பதால் மட்டும் அது பாதுகாப்பு ஆகிவிடாது. 10 முதல் 15 கவுண்ட், மூன்று நாலு கையிருப்பு, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது. லெக் பிரஸ், நெஞ்சு சாய்க்கும் ரோயிங் மெஷின், உட்கார்ந்து தள்ளும் செஸ்ட் பிரஸ் ஆகிய மூன்றில் ஆரம்பியுங்கள். தலை கிறுகிறுத்தாலோ நெஞ்சு அடைத்தாலோ அந்த செட்டை அங்கேயே விட்டுவிட்டு உட்காருங்கள், என்னையோ வேறு யாரையோ கூப்பிடுங்கள்.

எல்லாம் சரி, நான் எடுக்கும் கவுண்ட் எனக்குப் பொருந்துகிறதா என்று எத்தனை நாளில் தெரியும்?

சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி எடை, கவுண்ட், "நிறுத்தியது எது" என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில் "மூச்சு", "இடுப்பு", "பிடி" என்று திரும்பத் திரும்ப வருகிற பயிற்சியில் கவுண்டைக் குறைத்து எடையைக் கூட்டுங்கள், அல்லது சாய்மானம் உள்ள மெஷினுக்கு மாற்றுங்கள். "முழங்கை", "தோள்பட்டை மூட்டு" என்று வந்தால் எடையைக் குறைத்துக் கவுண்டைக் கூட்டுங்கள். நிறுத்தியது தசைதான், ஆனாலும் நாலு வாரமாக எடையோ கவுண்டோ ஒன்றுகூட ஏறவில்லை என்றால் அப்போது கவுண்டில் கோளாறு இல்லை, செட் குறைவா, தூக்கம் குறைவா, சாப்பாடு குறைவா என்று பாருங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால் பேசலாம், சும்மா வந்து "வரலைண்ணா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.